அப்பத்தா பேச்சும் தமிழய்யா கரும்பலகையும்

அப்பத்தா கடலை உடைத்துக்கொண்டே பேசும். விரல்கள் பாட்டுக்கு ஓட்டை நசுக்கும், பேச்சு பாட்டுக்கு ஊரைச் சுற்றி வரும். எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்த ஒருவர் பணத்தோடு காணாமல்போன வாரம், "எல்லாருக்கும் காது குத்திட்டுக் கம்பி நீட்டிட்டான்" என்றது. அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஆத்துல போட்டாலும் அளந்து போடுடா" என்றது.

வீட்டுப் பேச்சைக் கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார் தமிழய்யா. இரண்டையும் கொண்டுபோனேன். அவர் "கம்பி நீட்டினான்" என்று பலகையில் எழுதிவிட்டு எங்களை வரிசையாகச் சொல்லவைத்தார். நாளைக்கு அவள் கம்பி நீட்டுவாள். நீ கம்பி நீட்டாதே. கம்பி நீட்டியவர்கள் எங்கே? ஆளும் காலமும் மாறிக்கொண்டே போயின, பொருள் மட்டும் மாறவில்லை. பிறகு கம்பியை அழித்துவிட்டு அங்கே குச்சி என்று எழுதினார். குச்சி நீட்டினான் என்றால் யாரும் ஓடிப்போகவில்லை, கையில் குச்சி இருக்கிறது, அவ்வளவுதான். சொல்லை மாற்றினால் பொருள் போய்விடும், வினையைத் திருப்பினால் போகாது. மரபுத்தொடருக்கு அவர் காட்டிய அடையாளம் அது.

அடுத்து பழமொழியை எடுத்தார். "நேற்று அவள் ஆற்றில் போட்டாலும் அளந்து போட்டாள்." இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அறிவுரை போய், ஆற்றங்கரையில் நின்ற யாரோ ஒருத்தியின் செய்தி ஆகிவிட்டது. பழமொழி முழு வாக்கியமாக வரும். நம் பேச்சோடு சேர்க்க வேண்டுமானால் "என்பார்கள்" என்றோ "என்பது போல" என்றோ ஒட்ட வேண்டும்.

தொல்காப்பியச் செய்யுளியல் இதை முதுமொழி என்கிறது என்றார். சொல்ல வந்த பொருளை முடித்துவைக்கக் காரணமாக வருவது என்பது அதன் விளக்கம். எனக்கு அந்த இடம்தான் இன்றும் பிடிக்கும். சீட்டுக்காரர் என்ன செய்தார் என்று மரபுத்தொடர் சொன்னது. நான் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பழமொழி காரணம் தந்தது. அப்பத்தா இரண்டையும் இடம் தெரிந்தே வைத்திருந்தது.

பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அய்யா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது?" என்றான். பழமொழிப் புத்தகத்தில் இருக்கிறதே என்று சிலர், மறைத்தான் மறைப்பான் என்று திரும்புகிறதே என்று சிலர். அய்யா இரண்டு வாக்கியம் எழுதினார். "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?" இது தனியே நிற்கிறது, எந்தப் பொய்யருக்கும் பொருந்துகிறது, பழமொழி. "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயே!" இங்கே ஓர் ஆளும் அவன் செயலும் வந்துவிட்டன, மரபுத்தொடர்போல நடக்கிறது. புத்தகப் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், வாக்கியத்தைப் பாருங்கள் என்றார். அதற்குள் அடுத்த பையன் கிணற்றுத் தவளையோடு எழுந்துவிட்டான்.