மூன்றாம் நாள் கைராசி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஒரே பேச்சுதான். "அந்த டாக்டர்ட்ட போ. ரெண்டு ஊசி போடுவாரு, மறுநாளே எந்திரிச்சிருவே." அப்படிப்பட்ட டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். நான் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்ப்பவன். இருபது வருஷமாக இந்தக் கைராசிக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஊசி போட்ட மறுநாள் காலையில் ஆள் எழுந்து உட்காருவது உண்மைதான். அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது, அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். வயது 54. ஆறு வருஷமாகச் சர்க்கரை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று மெட்ஃபார்மின் மாத்திரையில் ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்திருப்பவர். வியாழக்கிழமை தொண்டை கரகரத்தது. வெள்ளிக்கிழமை மூக்கு ஒழுகியது. சனிக்கிழமை உடம்பு வலி, 100 டிகிரி காய்ச்சல், தலை பாறை. அன்று மாலை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஒரு கிளினிக்குக்குப் போனார். இடுப்பில் இரண்டு ஊசி, கையில் ஒரு பாட்டில் டிரிப், காகிதத்தில் மடித்த மூன்று நாள் மாத்திரைப் பொட்டலம். ஞாயிறு காலை "ஆளே மாறிட்டேன் சார்" என்றார். உடம்பு வலி இல்லை. நல்ல பசி, வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். ராத்திரி மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை அடங்காத தாகம், அரை மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் சர்க்கரை 412.

அந்தக் கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். அவர் போலி டாக்டர் அல்ல, முறையாகப் படித்தவர்தான். ஒளிக்காமல் சொன்னார். ஒரு ஊசியில் டெக்ஸாமெத்தசோன் 2 சிசி, அதாவது 8 மில்லிகிராம். இன்னொன்றில் டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து. பொட்டலத்தில் பாராசிட்டமால், ஒரு அலர்ஜி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், கூடவே பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை. அந்தப் பொடிசுதான் பீட்டாமெத்தசோன். டெக்ஸாவும் பீட்டாவும் ஸ்டீராய்டுகள்.

ஸ்டீராய்டு என்றதும் ஏதோ விஷம் என்று நினைக்க வேண்டாம். நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் 10 முதல் 20 மில்லிகிராம் வரை கார்டிசால் சுரக்கிறது. அது இல்லாமல் உயிர் நிற்காது. டெக்ஸா அந்தக் கார்டிசாலின் செயற்கை உறவுக்காரன், வீரியத்தில் இருபத்தைந்து மடங்குக்கு மேல். 8 மில்லிகிராம் டெக்ஸா என்பது 200 மில்லிகிராம் கார்டிசாலுக்குச் சமம். அண்ணாச்சியின் உடம்பு பத்து நாளுக்கு மேல் சுரப்பதை ஒரே மாலையில், ஒரே ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். அதன் வேலை ஒன்றரை, இரண்டு நாள்வரை ஓயாது.

"ஆனா சார், மறுநாளே எந்திரிச்சேன்ல?" என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு பதில் உண்டு.

முதல் பதில், மூன்றாம் நாள். சளியை உண்டாக்கும் வைரஸ்களுக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. முதல் நாள் தொண்டை, பிறகு மூக்கு. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம். அதற்குப் பிறகு தானே இறங்கும். ஏழிலிருந்து பத்து நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கும். யாரும் முதல் நாள் தும்மலுக்கு டாக்டரிடம் போவதில்லை. கஷாயம் குடித்துப் பார்த்து, தைலம் தேய்த்துப் பார்த்து, தாங்க முடியாத உச்சத்தில்தான் போகிறோம். உச்சத்துக்கு அடுத்த நாள் எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கிய பெருமை கடைசியாகத் தொட்ட கைக்குப் போய்விடுகிறது.

இரண்டாம் பதில், டெக்ஸாவே. சளியில் நாம் படும் பாட்டில் பெரும்பகுதி வைரஸ் நேரடியாகச் செய்வதல்ல. அதை விரட்ட நம் உடம்பு செய்யும் கலவரம் அது. மூக்கு ஒழுகுவதும் காய்ச்சலும் உடம்பு வலியும் அந்தச் சண்டையின் சத்தம். ஸ்டீராய்டு அந்தச் சத்தத்தை அமுக்கும். கூடவே பசியைக் கிளப்பும். மனசில் ஒரு இனம்புரியாத உற்சாகத்தையும் ஏற்றும். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டு வாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்து கடைவீதிக்குப் போனார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊசியைத் தொடர்ந்தவர்களுக்கு முகம் வீங்கியது, மனம் தடுமாறியது. நிறுத்தினால் பழைய வலி திரும்பியது. அந்த உலக அதிசயத்தின் முதல் வாரம்தான் நம் தெருவில் கைராசி என்ற பெயரில் விற்கப்படுகிறது.

சத்தம் அடங்குவதும் நோய் சீக்கிரம் முடிவதும் வேறு வேறு. 2017இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆஸ்துமா இல்லாத, நெஞ்சுச் சளியோடு கடும் இருமலில் வந்த சுமார் 400 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து நாள் தினமும் 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை, மீதிப் பேருக்கு அதே போலிருந்த வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இருமல் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் போனது. அண்ணாச்சியின் மூக்கும் அப்படித்தான். சர்க்கரை 412 காட்டிய திங்களன்றும் அது ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. சனிக்கிழமைதான் நின்றது. தொண்டை கரகரத்த நாளிலிருந்து எண்ணினால் பத்து நாள்.

கொரோனாவுக்கு டெக்ஸா கொடுத்தார்களே என்று பலர் கேட்கிறார்கள். கொடுத்தோம், உயிர்கள் பிழைத்தன. ஆனால் 2020இல் அதை நிரூபித்த அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களிடம்தான் இறப்பு குறைந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அங்கே கொடுத்த அளவு நாளுக்கு 6 மில்லிகிராம். சும்மா மூக்கொழுகிய அண்ணாச்சிக்கு 8. மறு வருஷம் கருப்புப் பூஞ்சை வந்ததும், சர்க்கரை கட்டுமீறியவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் அது தேடிப் பிடித்ததும் நமக்கு மறந்திருக்காது. ஆஸ்துமா இழுப்புக்கும் குழந்தைகளின் சிலவகை மூச்சுத்திணறலுக்கும் ஸ்டீராய்டு அவசியம். ஆஸ்துமாக்காரர்கள் தங்கள் இன்ஹேலரை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அது நேராக நுரையீரலுக்குள் போகும் சொற்ப அளவு.

அண்ணாச்சி நான்கு நாள் இன்சுலின் போட்டுக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிட்டார். மூன்றே நாள் எடுத்ததால் பொட்டலத்தை அப்படியே நிறுத்த முடிந்தது. அவருடைய மாமியார் விஷயம் அப்படியில்லை. சளிக்கு ஒரு பொட்டலம், முழங்கால் வலிக்கு ஒரு பொட்டலம் என்று வருஷக்கணக்கில் அதே வெள்ளைப் பொடிசைச் சாப்பிட்டு வந்தவர். முகம் உருண்டு பளபளத்தது. "பூசினாப்ல ஆயிட்டாங்க" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். கையும் காலும் மெலிந்தன. லேசாக இடித்தாலும் தோல் கன்றி நீலம் பாரித்தது. வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போகும். ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போனபோது பொட்டலத்தை மறந்துவிட்டார். அங்கே வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். தூங்கும் சுரப்பியை எழுப்ப, மாதக்கணக்கில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியிருந்தது. பல வாரங்களாக இப்படி எடுத்து வருபவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் பொட்டலத்தோடு போக வேண்டும்.

டிரிப் பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரை லிட்டர் தண்ணீர், 25 கிராம் குளுக்கோஸ், நாலரை கிராம் உப்பு. சத்து என்று பார்த்தால் இரண்டு இட்லி. மஞ்சளாகத் தெரிந்தால் பி வைட்டமின் ஊசியைக் கலந்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் அது அதே மஞ்சளாகச் சிறுநீரில் போய்விடும். வாந்தி பேதியில் வாய்வழி எதுவும் நிற்காதபோது டிரிப் உயிர் காக்கும். வாயால் குடிக்க முடிகிறவருக்குச் சொம்புத் தண்ணீரும் கஞ்சியும் அதே வேலையைச் செய்யும். அண்ணாச்சியைப் போன்ற சர்க்கரைக்காரருக்கு அந்த 25 கிராம் நேராக ரத்தத்துக்குள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அந்த உப்பும் தண்ணீரும் மூச்சுத்திணறலாக முடியலாம்.

அந்த டாக்டரிடம் போனில் கேட்டேன், ஏன் சார் இதெல்லாம் என்று. "ஊசி போடலேன்னா அடுத்த தெருவுக்குப் போயிருவாங்க. பாராசிட்டமால் எழுதிக் குடுத்தா, இதுக்கா நூறு ரூபான்னு முகத்துக்கு நேரா கேக்கறாங்க" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கடையை மூன்று நாள் அடைக்க முடியாத மனிதரும், நோயாளியை இழக்க முடியாத டாக்டரும் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம் அந்த ஊசி. அதை முறிக்க நோயாளி பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம் போதும்: "சார், எனக்கு ஊசி வேண்டாம், மாத்திரை பேரை எழுதிக் குடுங்க." அட்டையிலிருந்து பிரித்த, பெயர் தெரியாத மாத்திரை எதையும் வாங்காமலிருப்பது நல்லது. ஊசி போட்ட ராத்திரி தூக்கம் வராமல், முகம் சிவந்து, காரணமில்லாமல் பசித்தால், சர்க்கரை திடீரென ஏறினால், உள்ளே போனது என்னவென்று சந்தேகப்படலாம்.

அண்ணாச்சிக்கு அடுத்த சளிக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு சின்னது. காய்ச்சலோ வலியோ இருந்தால் பாராசிட்டமால் 500, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. உப்பு வெந்நீரில் தொண்டை கொப்பளிப்பு. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன். அவர் சர்க்கரைக்காரர் என்பதால் அதற்கு மேல் வேண்டாம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது. முடிந்தால் ஒரு நாள் படுக்கை.

சீட்டின் பின்பக்கம் உடனே வர வேண்டிய காரணங்களை எழுதினேன். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டுவது, விட்ட காய்ச்சல் திரும்ப வருவது. குழந்தை என்றால் பால் குடிக்க மறுப்பதும், மூச்சிழுக்கையில் விலா உள்வாங்குவதும். கடைசி வரியை அடிக்கோடிட்டேன். மழைக்காலத்தில் சளியே இல்லாமல் காய்ச்சலும் உடம்பு வலியும் மட்டும் வந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது டைக்ளோஃபினாக் ஊசி ரத்தக்கசிவை மோசமாக்கக்கூடும். அதற்கு முதலில் தேவை ரத்தப் பரிசோதனை.

அண்ணாச்சி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு எத்தனை நாள்ல சார் கேக்கும்?" என்றார். பத்து நாள் என்றேன். "ஊசி போட்டாலும் பத்து நாளுதான ஆச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மடித்துக் கல்லாப்பெட்டிச் சாவியோடு சட்டைப்பையில் வைத்தார்.