பைக்குள் பதுங்கிய வாடை

காலை 8.40. முலுண்டில் கிளம்பிய உள்ளூர் ரயிலில் தொங்கியபடி வந்தவருக்கு தாதரில்தான் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மராட்டியர் இரண்டு முறை மூக்கைச் சுருக்கிவிட்டு, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்: "பாய்சாப், பையில் பனீர் எடுத்துப் போகிறீர்களா?"

கேட்டவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் வலித்தது. அன்று மாலையே ஜிம்முக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார் அந்த 44 வயது கணக்காளர். ஆனால் அது அத்தனை எளிதல்ல. ஐந்து மாதங்களுக்கு முன்பு வந்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரை சராசரி 6.3. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். சர்க்கரையால் அப்பாவின் கால்விரல்கள் இரண்டு போனதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். ஜிம்மை விட முடியாது. அப்படியானால் வாடையை விரட்டியாக வேண்டும்.

தினசரி நடந்தது இதுதான். காலை 6 மணிக்கு ஜிம். 7 மணிக்குக் குளியல். நனைந்த பனியனையும் கால்சட்டையையும் ஒரு பாலிதீன் பையில் திணித்து இறுக முடிச்சுப் போட்டு, அதன் மேல் ஷூவை வைத்து ஜிப்பை இழுத்து மூடுவார். பை நேராக அலுவலக மேஜைக்கு அடியில் போகும். இரவு 8 மணிக்கு வீட்டில் திறந்தால் 13 மணி நேரம் ஊறிய சரக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். கேட்கவா வேண்டும்?

வியர்வைக்கு என்று பெரிய வாடை கிடையாது. பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள அமினோ அமிலங்களையும் உதிர்ந்த தோலையும் தின்று அமிலங்களாக வெளிவிடுகின்றன. அவற்றில் ஒன்று ஐசோவலேரிக் அமிலம். முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் இருப்பது அதுதான். ரயில்காரரின் மூக்கு பொய் சொல்லவில்லை. இந்த பாக்டீரியாக்களுக்கு வேண்டியவை ஈரம், வெதுவெதுப்பு, நேரம். மூன்றையும் ஜிப் போட்டுத் தந்துகொண்டிருந்தார் நம்மவர்.

பாலியெஸ்டர் பனியனுக்கும் இதில் பங்கு உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஆய்வில், 26 பேரை ஒரு மணி நேரம் நிலையான சைக்கிள் மிதிக்க வைத்து, சட்டைகளை 28 மணி நேரம் மூடி வைத்துப் பிறகு முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. பருத்தி ஈரத்தையும் வாடையையும் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டரின் மேற்பரப்பில் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ள, வாடையைக் கிளப்பும் சில கிருமிகள் அங்கே சுகமாக வளர்கின்றன.

மனைவி முதலில் கையில் எடுத்தது அந்துருண்டை. பிறகு சென்ட். "இரண்டு வாடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாகிவிட்டது" என்கிறார் அவர். அடுத்து பையையே சோப்பு நீரில் ஊறவைத்துத் துவைத்தார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. மூன்று முறை துவைத்தும் இதே கதை.

குற்றவாளியைப் பிடித்தது பிளஸ் டூ படிக்கும் மகள்தான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்தட்டின் மேல் போர்த்தியிருந்த துணியைப் பிரித்தாள். உள்ளே இருந்தது வெறும் அட்டை. பை தொய்யாமல் நிற்பதற்காக மலிவான பைகளில் வைக்கும் தடித்த காகித அட்டை. ஓரங்கள் உப்பி, கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஒவ்வொரு முறை துவைத்தபோதும் மேல்துணி காய்ந்ததே தவிர, அட்டை காயவே இல்லை. சுத்தம் செய்வதாக நினைத்து அதற்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டை குப்பைக்குப் போனது. பையும் தேறவில்லை. உள்பக்கம் தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய பூச்சு, மழைக்கால ஈரத்தில் பிசுபிசுத்து உரிந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டத்துக்கு வந்த பையை மேலும் துவைப்பது சோப்புக்கு நஷ்டம்.

கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் புதுப் பை வாங்கப் போனபோது அவரிடம் பணத்தைவிடக் கேள்விகள் அதிகம் இருந்தன. ஷூவுக்குத் தனி அறை இருப்பதாக எல்லாக் கடைக்காரர்களும் சொன்னார்கள். அந்த அறையின் வலையில் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தார். (கடைப் பையன்கள் சிரித்தார்களாம்.) பாதிப் பைகளில் வலைக்குப் பின்னால் ரெக்ஸின் தைத்திருந்தது. வலை வெறும் அலங்காரம். சிலவற்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இரண்டு உலோக வளைய ஓட்டைகள். அதில் காற்று போவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.

கடைசியில் எடுத்தது பகட்டில்லாத ஒரு நைலான் பை. ஷூ அறையில் உண்மையான வலை. ஜிப் மூன்று பக்கமும் ஓடி, பை சூட்கேஸ் மாதிரி வாயை முழுக்கத் திறக்கிறது. உள்துணி மேல்விளிம்பில் மட்டும் தைத்திருப்பதால் அப்படியே வெளியே உருவிக் காயவைக்கலாம். ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த பகுதி எங்கும் இல்லை. ஸ்பாஞ்சு நனைந்தால் இந்த ஊரில் இரண்டு நாளானாலும் காயாது. அடி அட்டையைக் கழற்ற முடிந்தது. அதற்குப் பதிலாக, தேர்தல் தட்டிகளுக்குப் பயன்படுமே, உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு, அதை வெட்டிப் போட்டார். சன்பேக் ஷீட் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

பாலிதீனுக்கு ஓய்வு. வீட்டில் கல்யாணத் தாம்பூலம் வந்த மஞ்சள் பைகள் ஒரு கட்டு கிடந்தன. ஈரத் துணிக்கு ஒன்று, ஷூவுக்கு ஒன்று. பருத்தி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், துணியோடு சேர்த்து அதையும் தினமும் துவைக்கலாம். அலுவலகம் சேர்ந்ததும் ஜிப்பைத் திறந்து, துணிப் பையை நாற்காலியின் பின்னால் மாட்டிவிடுகிறார். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தை நிறுத்தியாயிற்று. அது பாலியெஸ்டர் இழையில் படலமாகப் படிந்து, அழுக்கையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஷூதான் பிடிவாதம் பிடித்தது. உள்ளங்கால் அட்டையைத் தனியே உருவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு எதிரே வைப்பார். இரண்டு மணி நேரத்தில் தாள் துவண்டிருந்தால் மாற்ற வேண்டும். தாள் மொடமொடவென்று வெளியே வரும்போதுதான் ஷூ காய்ந்ததாகக் கணக்கு. மழைக்காலத்தில் அதற்கு ஒரு நாளுக்கு மேலாகிறது. ஆகவே இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுகிறார். வாரம் ஒருமுறை காய்ந்த ஷூவுக்குள் ஆளுக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா தூவி, காலையில் தட்டிவிடுகிறார். சோடா காரம், அமிலத்தோடு சேர்ந்து அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். பூஞ்சைக்கு அது மருந்தல்ல. ஷூவை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார் அலுவலக நண்பர். குளிரில் இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை தூங்குமே தவிர சாகாது என்பதால், ஃப்ரீசர் தப்பித்தது.

வாடை போய்விட்டதா என்பதை அவரே சொல்ல முடியாது. ஒரே வாசத்தில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. ஞாயிறு காலையில் மகள் கடைக்குப் போய்த் திரும்பியதும் பையைத் திறந்து அவளிடம் நீட்டுவார். ஜூலை மூன்றாம் ஞாயிறன்று, "சோப்பு வாசனைதாம்பா வருது" என்றாள்.

வீட்டில் இப்போது வேறு வழக்கு. கூடத்தில் இருப்பது ஒரே ஒரு மேஜை மின்விசிறி. "ராத்திரி பூரா அது ஷூவுக்குத்தானா, எங்களுக்குக் கிடையாதா?" என்று கேட்கிறார் மனைவி.