ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று சொன்ன கதை



போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பழைய மாணவி சென்னையிலிருந்து போன் செய்தாள். "டீச்சர், மேனேஜர் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வேலைக்கு வரச் சொல்றார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, சனிக்கிழமை மறுபரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போகணும். காய்ச்சல்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். பொய் வேண்டாம்மா என்றேன். பிறகு என் கதை ஒன்றை அவளிடம் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1999 பிப்ரவரி. அப்போது செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். தலைமையாசிரியரையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் மணியடித்துப் போன பிறகு, தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏ.இ.ஓ. ஆண்டாய்வுக்கு வர்றார். பதிவேடெல்லாம் பாக்கி கிடக்கு. நாளைக்கு மழை விடுமுறைக்கு ஈடா ஸ்கூல் இருக்கு. அதனால ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுங்க, ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிச்சுடலாம்."

என்னைத்தான் கூப்பிடுவார். வீடு பக்கம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதுவரை ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. இன்னொரு டீச்சருக்குக் கைக்குழந்தை. சாருக்கு ஊர் திண்டிவனம் பக்கம். அதனால் எந்த வேலையானாலும் முதலில் என் பெயர்தான்.

ஆனால் அந்த ஞாயிறு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. என் அம்மா பக்கவாதம் வந்து திருவண்ணாமலையில் அண்ணன் வீட்டில் படுத்திருந்தார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கரைத்து ஊட்டுவது எல்லாம் அண்ணிதான். அண்ணியின் மகன் வேலூரில் விடுதியில் படித்தான். பெற்றோர் வந்து பார்க்க இரண்டாவது ஞாயிறு மட்டும்தான் அனுமதி. அதனால் நான் முதல் நாள் ராத்திரியே போய்விடுவேன். அண்ணி விடியற்காலை பஸ்ஸில் கிளம்புவார். நான் போகாவிட்டால் அண்ணி போக முடியாது. அந்தப் பையன் விடுதி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி ஒரு தடவை கேட்டபோது நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டதாக நான் நினைத்தேன். அவர் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் வந்து, பள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் வரை காத்திருந்திருக்கிறார். திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. வரமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்திருப்பார். மரியாதை என்று நினைத்து நான் செய்ததுதான் அவருக்குப் பெரிய சங்கடம் ஆனது.

அதனால் இந்தத் தடவை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். "ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாது சார்." அடுத்து காரணம். "அன்னைக்கு அம்மாவைப் பார்த்துக்கிற முறை என்னுது. அண்ணி வேலூருக்குப் பையனைப் பார்க்கப் போறாங்க. மாசத்துல அந்த ஒரு நாள்தான் விடுவாங்க." அவ்வளவுதான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் விடவில்லை. "ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போங்களேன்" என்றார். "நான் திருவண்ணாமலையில இருப்பேன் சார், அம்மாவைத் தனியா விட்டுட்டு வர முடியாது." "ஒரு வாரம் அண்ணனே பார்த்துக்கக் கூடாதா?" "அம்மாவைக் குளிப்பாட்ட பொம்பளை ஆள் வேணும் சார். இது என் முறை." அவர் எப்படிக் கேட்டாலும் நான் அதே காரணத்திலேயே நின்றேன். எனக்கும் உடம்பு சரியில்லை, பஸ் கிடைக்காது, வீட்டில் விருந்தாளி என்று புதிது புதிதாக அடுக்கவில்லை. நான்கு காரணம் சொன்னால் கேட்பவர் அதில் இருப்பதிலேயே சின்னதைப் பிடித்துக்கொள்வார். பஸ்தானே பிரச்சினை, என் வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்பார். அப்புறம் நமக்குப் பதில் இருக்காது. உண்மையான காரணம் ஒன்று போதும்.

கடைசியில் அவர் பேசாமல் இருந்தார். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. முடியாது என்று சொல்லியாயிற்று. ஆனால் அவருடைய திங்கட்கிழமை பத்து மணி அப்படியேதான் இருக்கிறது. "சார், என்னென்ன பாக்கின்னு ஒரு தாள்ல எழுதிடலாமா?" என்று கேட்டேன்.

எழுதினோம். ஐந்து வேலைகள் வந்தன. சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட வேண்டும். வயதுவாரியாக, வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கைச் சுருக்கம் எழுத வேண்டும். இலவசப் பாடநூல் வாங்கியதற்குப் பெற்றோர் கையெழுத்து சிலது விட்டுப்போயிருந்தது. இருப்புப் பதிவேட்டின்படி நாற்காலி, மேசை, கரும்பலகை, தராசு எல்லாம் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். நூலகப் பதிவேட்டைப் புதிய நோட்டில் நகல் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று பக்கத்தில் குறித்தோம். மொத்தம் எட்டு, எட்டரை மணி நேர வேலை.

தாளில் எழுதிப் பார்த்ததும்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, பெற்றோர் கையெழுத்தை ஞாயிற்றுக்கிழமை வாங்கவே முடியாது. பிள்ளைகள் வரும் சனிக்கிழமைதான் அவர்களிடம் சொல்லியனுப்பி மதியத்துக்குள் வரவழைக்கலாம். இரண்டாவது, அவருக்கு உண்மையில் பயம் ஐந்து வேலையைப் பற்றியும் இல்லை. முந்தைய ஆய்வில் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்த பிறகும் வருகைப் பதிவேட்டில் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. ஒரு பதிவேட்டில் 31, இன்னொன்றில் 32. அதைக் குறிப்பில் எழுதிவிட்டார்கள். மறுபடியும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

"அப்ப அதை இன்னைக்கே முடிச்சுடலாம் சார். நான் ஏழு மணி வரைக்கும் இருக்கேன்" என்றேன். உட்கார்ந்தோம். அவர் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பெயரைப் படிக்க, நான் வகுப்பு வகுப்பாக டிக் போட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பெயர் இரண்டு தடவை இருந்தது. திருத்தி, அவர் சிவப்பு மையில் சுருக்கொப்பம் போட்டார். ஆறரைக்கு அந்த வேலை முடிந்தது. மீதி அரை மணியில் எண்ணிக்கைச் சுருக்கத்தில் பாதியை எழுதினேன்.

சனிக்கிழமை கையெழுத்து வேலையை அவரவர் வகுப்பாசிரியர் பார்த்துக்கொண்டோம். பள்ளி விட்டதும் ஐந்தரை வரை இருந்து சுருக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். சாமான் எண்ணுகிற வேலைக்கு என் கையெழுத்து தேவையில்லையே. அதைத் தலைமையாசிரியரும் இன்னொரு சாரும் அன்று சாயங்காலம் செய்தார்கள். எண்ணி வைத்ததைத் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வந்து பதிவேட்டில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு ராத்திரியே கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சொன்ன ஏழரைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். மாற்று ஏற்பாடு என்று வாயால் சொல்லிவிட்டு அதைச் செய்யாமல் விட்டால், அடுத்த தடவை நம் முடியாதுக்கு மதிப்பு இருக்காது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். நூலகப் பதிவேட்டுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. பழைய, ஓரம் கிழிந்த நோட்டையே காட்டினோம். புதுப்பிக்கவும் என்று ஏ.இ.ஓ. ஒரு வரி எழுதினார். தலைமையாசிரியர் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதை நான் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முடியாது என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த வருடம் ஆய்வு வந்தபோது அவர் என்னிடம் பத்து நாள் முன்னதாகச் சொன்னார். தாளையும் அவரே எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிறு ராத்திரி அண்ணி வேலூரிலிருந்து திரும்பி வந்தபோது, கையில் பையன் கொடுத்தனுப்பிய அழுக்குத் துணி மூட்டை இருந்தது. "நாலு இட்லி கூடுதலா சாப்பிட்டான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் இப்படிச் சொல்ல முடியாது. தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்றவை சட்டப்படி விதிக்கப்படும் கடமை. எத்தனையோ ஞாயிறுகளில் வாக்குப் பெட்டியோடு நானும் போயிருக்கிறேன். அங்கே தகுந்த காரணம் இருந்தால் எழுத்தில் விலக்கு கேட்கலாம். போகாமல் இருந்துவிட முடியாது. நான் சொல்வது, ஒருவர் இன்னொருவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்கும் விடுமுறை நாள் வேலையைப் பற்றி மட்டும்.

கதையைக் கேட்ட மாணவி, மேனேஜருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இப்படி எழுதினோம்:

"சார், இந்தச் சனி, ஞாயிறு என்னால் வேலைக்கு வர இயலாது. அப்பாவைக் கண் மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன், இரண்டு நாளும் அவருடன் இருக்க வேண்டும். இன்று இரவு 9 மணி வரை இருந்து முதல் பகுதியை முடித்துத் தருகிறேன். மீதியைத் திங்கள் காலை 7 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணிக்குள் அனுப்புகிறேன். திங்களுக்கு முன் கட்டாயம் தேவைப்படும் பகுதி எது என்று சொன்னால், அதை இன்று முதலில் செய்கிறேன்."

"மன்னிக்கவும்" என்று மூன்று இடத்தில் போட்டிருந்தாள். மூன்றையும் எடுக்கச் சொன்னேன். அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கு எதற்கு மன்னிப்பு? அரை மணி கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. கடைசிப் பகுதியில் உள்ள இரண்டு அட்டவணை மட்டும் இன்றே வேண்டும், மற்றது திங்கட்கிழமை போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்