அழைப்புக் கடிதம் இருந்தா போதுமா?

2006 பிப்ரவரியில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ஒருத்தர் விசா கேட்டுப் போனார். பேர் கோவர்தன் மேத்தா. பெரிய வேதியியல் விஞ்ஞானி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநர். கூப்பிட்டிருந்தது ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். ஆனாலும் அவரோட ஆராய்ச்சி பத்திக் கேள்வி மேல கேள்வி வந்து, விசா நின்னு போச்சு! செய்தி பெரிசானதும் விசா தர முன்வந்தாங்க. அவர் போகலை.

அவர் மேல வந்தது வேற சந்தேகம். மாணவர்கள் மேல வர்ற சந்தேகம் ஒண்ணே ஒண்ணுதான்: "இந்தப் பையன் திரும்பி வருவானா?"

விமானங்கள் தாழப் பறக்கிற அனகாபுத்தூர்ல ஒரு பி.காம் மூணாம் வருஷ மாணவன் இருக்கான்னு வச்சுக்குங்க. கைத்தறிச் சங்கக் கணக்குகள் பத்தி அவன் எழுதின கட்டுரையைச் சிகாகோவில் ஒரு மாநாடு ஏத்துக்கிட்டு அழைப்புக் கடிதமும் அனுப்புது. பி1 விசாவுக்கு DS-160 படிவம், 185 டாலர் கட்டணம், நேர்காணல். ரெண்டே நிமிஷம். கையில் ஒரு தாள்: 214(b).

அது 1952-ம் வருஷச் சட்டத்தின் ஒரு பிரிவு. வர்றவர் எல்லாரும் அங்கேயே குடியேற வர்றவங்கன்னுதான் அதிகாரி எடுத்துக்கணும். இல்லைன்னு காட்டறது விண்ணப்பிக்கிறவர் பொறுப்பு. இங்கேதான் அழைப்புக் கடிதம் கைவிடும். எதுக்குப் போறான்னு அது சொல்லும். திரும்புவானான்னு மாநாடு நடத்தறவங்களுக்கு எப்படித் தெரியும்?

இருபது வயசுல வீடு, நிலம், வேலைன்னு காட்ட எதுவும் இருக்காது. அது அவங்களுக்கும் தெரியும். அதனால சின்ன வயசுக்காரங்களுக்குப் படிப்பு, மதிப்பெண், பெற்றோர் நிலை, ஊர்ல என்ன செய்யப் போறாங்க என்பதையெல்லாம் பார்க்கலாம்னு அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்லியிருக்கு.

அந்தப் பையன் சொன்னது, "மாநாடு சார், லெட்டர் இருக்கு." அதிகாரி பல நேரம் லெட்டரை வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார். சொல்லியிருக்க வேண்டியது: "நாலு நாள் மாநாடு, ரெண்டாவது நாள் என் கட்டுரை. தங்கறது அவங்க செலவு, டிக்கெட் அப்பா செலவு. ஆறாவது நாள் கிளம்பிடுவேன், நவம்பர்ல செமஸ்டர் பரீட்சை." இதே விவரம் கடிதத்திலும், கல்லூரி போனஃபைடிலும், படிவத்திலும் தேதி மாறாம இருக்கணும். செலவு யாருதுன்னு கடிதத்தில் இல்லைன்னா கேட்டு எழுதி வாங்கிக்கணும்.

214(b)-க்கு அப்பீல் கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனா இன்னொரு 185 டாலர். நிலைமை மாறலைன்னா பதிலும் மாறுறது கஷ்டம். முன்னாடி மறுத்ததைப் படிவத்தில் மறைக்கவே கூடாது. பொய்னு முடிவானா நிரந்தரத் தடை வரைக்கும் போகும்.

கடைசியா ஒண்ணு. பல மாநாடுகள் பதிவுக் கட்டணம் கட்டின பிறகுதான் அழைப்புக் கடிதமே தருவாங்க. விசா மறுத்தா அந்தப் பணம் திரும்ப வருமான்னு, கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க மக்களே :)