ஒரே பர்ஸில் இரண்டு கார்டுகள்

பாலோவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் பர்ஸில் குறைந்தது இரண்டு தட்டுக் கார்டுகள் இருக்கும்: சிங்கப்பூர் பஸ்ஸுக்கு ஈசி-லிங்க், கடைக்கு வங்கிக் கார்டு. பலருடைய மைகார்டில்கூட டச் அண்ட் கோ சிப் ஒளிந்திருக்கும். எதையும் வெளியே எடுக்காமல் பர்ஸோடு தட்டுவது நம்ம ஊர்ப் பழக்கம். சிக்கல் அங்கேதான்.

இந்தக் கார்டுகளில் பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள், ஒரு சிப், அவ்வளவுதான். கருவி 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப்புலம் ஒன்றை வீசுகிறது. சுருள் அதிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ள, சிப் விழித்துப் பதில் சொல்கிறது. பர்ஸில் இரண்டு இருந்தால் இரண்டுமே விழிக்கும். ஒட்டிக் கிடக்கும் சுருள்கள் ஒன்றையொன்று சுருதி விலக்கவும் செய்யும். அப்போது இரண்டுமே சரியாகக் கேட்காமல் போகலாம்.

இரண்டும் வங்கிக் கார்டு என்றால் பெரிய ஆபத்தில்லை. கட்டண விதிப்படி, ஒன்றுக்கு மேல் தெரிந்தால் கருவி பணம் எடுக்காமல் நின்றுவிட வேண்டும். 'ஒரு கார்டை மட்டும் காட்டுங்க' என்று சொல்லும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று பயணக் கார்டு, மற்றது வங்கிக் கார்டு, பஸ் கருவி இரண்டையும் ஏற்கும் என்றால் கதை வேறு. முதலில் எது பதில் சொல்கிறதோ அதில் கணக்கு ஏறிவிடலாம். கருவியும் பச்சை விளக்கு காட்டிவிடும்.

எங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நடந்தது இதுதான். ஜொகூர் பாருவில் ஏறும்போது, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இறங்கும்போது, மறுபடி ஏறும்போது, கடைசியில் இறங்கும்போது என்று ஒரு பயணத்தில் நாலு தடவை தட்டணும். மூன்று தடவை ஈசி-லிங்க் பக்கம் கீழே இருந்தது. நாலாவது தடவை பர்ஸ் புரண்டு வங்கிக் கார்டு கீழே வந்துவிட்டது. ஈசி-லிங்க் கணக்கில் அவர் ஏறினார், இறங்கவே இல்லை. அதனால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம். வங்கிக் கார்டில் தொடக்கமில்லாத ஒரு பயணம். "எல்லாம் பச்சைதாண்டா காட்டுச்சு" என்றார். மாதக் கடைசியில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. லண்டன் பஸ்களில் 2012-இல் வங்கிக் கார்டு வந்தபோதும் இதே குழப்பம் எழுந்தது. 'கார்டு மோதல்' என்றே அங்கே அதற்குப் பெயர்.

தப்பிக்கும் வழி எளிது: வேண்டிய கார்டை வெளியே எடுத்துத் தட்டுங்கள். ஏறிய கார்டிலேயே இறங்குங்கள். பர்ஸின் இரு மடிப்புகளில் பிரித்து வைத்தால் போதாது. கருவி சுமார் நாலு சென்டிமீட்டர் வரை எட்டும், மடித்த பர்ஸ் அவ்வளவு தடிமன் இல்லை. வேண்டாத கார்டை உலோகத் தாள் உறையில் போட்டால் அது வாய் திறக்காது. ஆனால் அந்த உறை தட்டும் கார்டோடு ஒட்டியிருந்தால் அதன் சக்தியையும் குறைத்துவிடும். போன் உறையின் பின்னால் கார்டு செருகி வைப்பவர்களுக்கும் இதே கதைதான்: போனில் கட்டினாலும் பின்னால் இருக்கும் கார்டு குறுக்கே பேசும்.