நமுத்த தீக்குச்சியும் நலிந்த லைட்டரும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டக் கடலோர வீடுகளில் உப்பு நீர்த்துப் போகும். அப்பளம் நமுத்துப் போகும். அதற்காக யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் அடுக்களையில் தீப்பெட்டியும் கேஸ் லைட்டரும் நமுத்துப் போனால் காப்பி தாமதமாவது மட்டுமல்ல, ஆபத்தும் அருகில் வந்துவிடுகிறது. அது எப்படி என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் தீப்பெட்டியைப் பார்ப்போம். சிவகாசியில் 1923-ஆம் ஆண்டு தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அது மழை குறைந்த, வறண்ட பூமி. மருந்து தோய்த்த குச்சிகள் நன்றாக உலர அத்தகைய காற்று வேண்டும். அங்கே உலர்ந்த குச்சி, பிறகு நம்முடைய ஈர அடுக்களைக்கு வந்து சேருகிறது.

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித் தூளும் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ் பூசப்பட்டுள்ளது. இரண்டும் உரசும்போது ஒரு துளி பாஸ்பரஸ் சூடேறிப் பற்றுகிறது. அது குச்சித் தலையைப் பற்றவைக்கிறது. தலை மரத்தைப் பற்றவைக்கிறது. ஆகவே மூன்று இடங்களில் ஈரம் கெடுதல் செய்யலாம். பக்க மருந்து நனைந்தால் உரசலில் சூடு பிறக்காது. மருந்து சேறுபோல் இழுபடும். தலையிலுள்ள பசை ஈரத்தை உறிஞ்சினால் தலை இளகி உதிர்ந்துவிடும். மரம் ஈரமாயிருந்தால் தலை மட்டும் சீறி எரிந்து, குச்சி பற்றாமல் அணைந்துவிடும்.

சென்ற ஜூன் மாதம் அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரே கட்டிலிருந்து மூன்று புதிய தீப்பெட்டிகளை எடுத்தேன். ஒன்றைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகிலுள்ள ஜன்னல் திட்டில் வைத்தேன். இன்னொன்றை அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டில் வைத்தேன். மூன்றாவதை இறுக மூடிய பிஸ்கட் தகரடப்பாவில் இட்டு, உள்சுவரோரம் இருந்த மர அலமாரியில் வைத்தேன். பத்து நாள் கழித்து ஒவ்வொன்றிலும் ஐந்து குச்சிகளை உரசினேன். டப்பாவில் இருந்த ஐந்தும் பற்றின. ஜன்னல் திட்டில் ஒன்றுதான் பற்றியது. அடுப்புக்கு மேலே இருந்தவற்றில் இரண்டு பற்றின. அடுப்புச் சூட்டில் அது உலர்ந்திருக்கும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்தோம். ஆனால் சோறு கொதிக்கும் ஆவி முழுவதும் அந்தத் தட்டில் போய்ப் படிகிறது. தீக்கு நேர் மேலே தீப்பெட்டி இருப்பது வேறு வகையிலும் நல்லதல்ல.

பிறகு பெட்டிகளை மாற்றி உரசினேன். டப்பாவின் உலர்ந்த குச்சியை ஜன்னல் பெட்டியில் உரசியபோது கறுத்த தீற்றல்தான் விழுந்தது. ஐந்தில் ஒன்றே பற்றியது. ஜன்னல் குச்சியை டப்பாவின் பெட்டியில் உரசியபோது மூன்று சீறின. அந்த மூன்றில் இரண்டு தலையோடு அணைந்துபோயின. குச்சிகளைவிடப் பெட்டியின் பக்கமே அதிகம் கெட்டிருந்தது என்பது இதிலிருந்து விளங்கியது. குச்சிகளாவது பெட்டிக்குள் இருக்கின்றன. பக்க மருந்தோ வெளிக்காற்றையும் நம் ஈரக் கையையும் எப்போதும் தாங்குகிறது.

சற்றே நமுத்த பெட்டியை வெயிலில் காயவைத்தால் தேறிவிடும். தலை உதிரத் தொடங்கிய குச்சி தேறாது. அடுப்புக்கல்லிலோ தோசைக்கல்லிலோ வைத்துக் காய்ச்சுவது ஒருபோதும் கூடாது. எல்லாக் குச்சிகளும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும்.

இனி லைட்டர். பெயர் கேஸ் லைட்டர் என்றாலும், நாம் அடுப்புப் பற்றவைக்கும் நீண்ட குழல் லைட்டரில் கேஸ் எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு வில் இறுகி, சட்டென விடுபட்டு, சிறு சுத்தியல்போல் ஒரு தனிவகைக் கட்டியை அடிக்கிறது. அடிபட்டதும் அதில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தப் பண்பை 1880-இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டறிந்தனர். பின்னாளில் மேரி கியூரி அம்மையாரை மணந்தவரே இந்தப் பியேர்.

அந்த மின்சாரம் குழல் வாயின் நடுக்கம்பியிலிருந்து சுற்றுக் குழலுக்குக் காற்றின் வழியே தாவும்போதுதான் நீலப் பொறி தெரிகிறது. நடுக்கம்பியைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஒரு வளையம் உண்டு. அதன் மேல் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால், மின்சாரம் காற்றில் தாவாமல் அந்த ஈரத்தின் மேலேயே கசிந்து போய்விடும். அப்போது 'டக்' ஓசை நன்றாகக் கேட்கும், பொறி மட்டும் இராது. இதற்கு உலர்ந்த பருத்தித் துணியால் வாயைத் துடைத்து, ஒருநாள் உலர்ந்த இடத்தில் வாய் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் போதும். ஓசையே மந்தமாக இருந்தால் வில் நலிந்துவிட்டது. கீழே விழுந்த பிறகு பொறி வராவிட்டால் கட்டி விரிசல் கண்டிருக்கலாம். இவ்விரண்டுக்கும் துடைப்பது மருந்தல்ல, புதிது வாங்கவேண்டியதுதான். ஊசியால் நடுக்கம்பியை நெருடினால் இடைவெளி மாறி, இருந்த பொறியும் போய்விடும்.

ஆபத்து எங்கே என்று கேட்பீர்கள். சென்ற நவம்பரில் என் பெரியம்மா அதிகாலைத் திருப்பலிக்குப் புறப்படுமுன் காப்பி போட அடுப்பைத் திருகிவிட்டு லைட்டரை அழுத்தினார்கள். பொறி வரவில்லை. திருகை மூடாமலே எட்டுப் பத்துத் தடவை அழுத்தினார்கள். கடைசியில் பொறி வந்தபோது, அதுவரை வெளியேறிய கேஸ் எல்லாம் ஒன்றாகப் பற்றி முகத்தருகே எழும்பியது. புருவ முடியும் முன்நெற்றி முடியும் கருகின. கண் தப்பியது இறைவன் அருள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; மேலே எழுந்து போய்விடாமல் மேடையின் மேலும் தரையின் மேலும் தேங்கி நிற்கும். லைட்டர் நலிந்த அளவுக்குத் தேக்கம் கூடும்.

ஆகையால் எங்கள் வீட்டில் இப்போது வரிசை மாறிவிட்டது. அடுப்பு மூடியிருக்கும்போதே, கேஸ் வாடை இல்லை என்று அறிந்த பின், லைட்டரை ஒருமுறை தனியே அழுத்திப் பொறியைக் கண்ணால் பார்க்கிறோம். பிறகு அதைப் பர்னர் அருகில் கொண்டுபோய், அப்புறமே திருகைத் திறக்கிறோம். இரண்டு அழுத்தலில் பற்றாவிட்டால் திருகை மூடி, ஜன்னலையும் கதவையும் திறந்து, வாடை முற்றும் நீங்கும்வரை காத்திருக்கிறோம். வாடை இருக்கும்போது தீக்குச்சியையோ மின்விளக்குச் சுவிட்சையோ தொடுவதில்லை.

தீப்பெட்டிகள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. புதுச் செருப்போடு வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் அதில் போட்டிருக்கிறோம். எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் சகோதரி தீப்பெட்டியை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் மூடி திறந்து கிடந்தால் டப்பாவும் ஒன்றுதான், ஜன்னல் திட்டும் ஒன்றுதான். கையைத் துடைத்துவிட்டு எடுத்து, உடனே மூடிவிடவேண்டும். உப்பு ஜாடியின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தன்னைச் சுற்றி நனைத்துவிடும். எங்கள் டப்பாவை உப்பு ஜாடியிலிருந்து மூன்று தட்டு தள்ளி வைத்திருக்கிறார்கள் அம்மா.