சைகோன் தாத்தாவும் பதினெட்டு அங்குலமும்

ஜூன் 23

ஸ்டூடியோவைத் திறந்ததும் பெரியம்மா ஒருவர் போனை நீட்டினார். அவருடைய தாத்தா படம். சைகோனும் காரைக்காலும் ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலத்தில், இங்கிருந்து அங்கே வேலைக்குப் போனவர்களில் ஒருவர். சைக்கிளைப் பிடித்தபடி முழு உருவமாக நிற்கிறார். அசல் படம் பாரிஸில் தம்பி மகனிடம் இருக்கிறதாம். அவன் அதை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.

"மாங்கனிக்கு எல்லாரும் ஊருக்கு வர்றாங்க தம்பி. அதுக்குள்ள கூடத்துல மாட்டணும். பதினெட்டு அங்குலம், நல்லா தெளிவா."

கணினியில் ஏற்றிப் பார்த்தேன். 1060 × 1600 பிக்சல். நீளப் பக்கத்தின் 1600ஐ 18ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான் வருகிறது. மொத்தத்தை விட முகத்தைப் பார்ப்பது நல்லது. உருவம் படத்தின் உயரத்தில் முக்கால் பங்கு, முகம் உருவத்தில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் முகத்துக்கு மிஞ்சுவது 150 பிக்சல். 18 அங்குலப் பிரிண்டில் அந்த முகம் ஒன்றே முக்கால் அங்குலம் இருக்கும். கண்ணும் மீசையும் கரைந்துதான் போகும்.

ஜூன் 24

பெரியம்மாவின் பேரன் வந்தான். கல்லூரிப் பையன், கேள்வி கேட்கிற ரகம். "அண்ணே, போன வருஷம் இதே மாதிரி வாட்ஸ்அப் படத்தை வச்சுதான் பதினஞ்சு அடிக்கு ஃபிளெக்ஸ் அடிச்சோம். பளிச்சுன்னு இருந்துச்சே?"

இருந்திருக்கும். பார்க்கிற தூரம்தான் அதற்குக் காரணம். ஒரு பாகையை 60 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. நல்ல பார்வை உள்ள கண், அதற்கும் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இதை அங்குலக் கணக்காக்கினால் 3438 என்ற எண் வருகிறது. படத்துக்கும் கண்ணுக்கும் இடையே எத்தனை அங்குலமோ, அதால் 3438ஐ வகுத்தால் அங்குலத்துக்குத் தேவையான பிக்சல் கிடைக்கும்.

கையில் பிடித்துப் பார்ப்பது ஓரடி தூரத்தில். 3438ஐ 12ஆல் வகுத்தால் 286. லேப்காரர்கள் எல்லாரும் சொல்லும் 300 இதை ஒட்டிய எண்தான். நாற்பது அடி தள்ளி நின்று பார்க்கும் ஃபிளெக்ஸுக்கோ 7 போதும். பதினைந்து அடி என்றால் 180 அங்குலம், 7ஆல் பெருக்கினால் 1260 பிக்சல். 1600 அதற்குத் தாராளம்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. உடனே அடுத்த கேள்வி: "கூடத்துல சோபாவுக்கும் சுவருக்கும் ஆறடி. அப்ப 48 போதும்ல?" எண்படி போதும்தான். ஆனால் குடும்பப் படத்தை யார் சோபாவிலிருந்து பார்க்கிறார்கள்? வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கிட்டே போய், மூக்கு யாருக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சுவரில் மாட்டும் உறவினர் படத்துக்கு அங்குலத்துக்கு 200 என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒன்றரை அடி தூரம்வரை தாங்கும். இந்தப் படத்துக்கு 2400 × 3600 வேண்டும்.

ஜூன் 25

வேறு எங்கோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அங்கே அதே படத்தை "300 ஆக்கி"க் கொடுத்திருக்கிறார்கள். போட்டோஷாப்பில் `Image Size` திறந்து, `Resample` குறியை எடுத்துவிட்டு, `Resolution` கட்டத்தில் 72 இருந்த இடத்தில் 300 போட்டிருக்கிறார்கள். பிக்சல் அதே 1060 × 1600தான். மாறியது அச்சு அளவு மட்டும், இப்போது நீளம் 5.3 அங்குலம். குறியை விட்டுவைத்திருந்தால் நீளம் 6667 பிக்சல் வந்திருக்கும். ஆனால் கூடுதலாக வந்தவை பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிரப்பியவை. தாத்தாவின் புருவத்தைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

ஜூன் 26

பாரிஸ்காரரிடம் பேசினேன். முதலில் ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னேன், வெள்ளை விளிம்பை விட்டு. 5.5 × 8.3 செ.மீ. என்றார். நீளம் 3.27 அங்குலம். எனக்கு வேண்டிய 3600ஐ அதால் வகுத்தால் 1101. ஸ்கேனரில் அதற்கு அடுத்த படி 1200. மென்பொருள் 4800, 9600 என்றெல்லாம் ஆசை காட்டும், அதைத் தொட வேண்டாம் என்றேன். ஸ்கேனரின் லென்ஸ் நிஜமாகப் பிரிக்கும் அளவுக்கு மேலே போனால், அதுவும் நேற்றைய `Resample` கதைதான்.

கறுப்பு வெள்ளையானாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யணும், பழுப்புக் கறையைப் பிறகு பிரிக்க அது உதவும். டிஃப் கோப்பாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாகுமென்டாக அனுப்பணும். படமாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும்.

ஜூன் 28

கோப்பு வந்தது. 2598 × 3921. பதினெட்டு அங்குலத்துக்கு வகுத்தால் 218. காகிதத்தில் கணக்கு முடிந்தது. ஆனால் நூறு சதவீதத்தில் திறந்தபோது முகம் மெத்தென்று இருந்தது. பிக்சல் இருக்கிறது, விவரம் இருக்கிறதா?

பார்க்க ஒரு வழி உண்டு. கோப்பை நகலெடுத்துப் பாதியாகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்குப் பெரிதாக்கி, அசலுக்கு மேல் அடுக்காக வைத்து, மேலடுக்கை மறைத்தும் காட்டியும் பார்ப்பது. எதுவும் துடிக்கவில்லை என்றால் சுருக்கியபோது எதுவும் தொலையவில்லை என்று அர்த்தம். சைக்கிள் கம்பிகள் லேசாகத் துடித்தன. முகம், சட்டை, பின்னால் இருந்த மரம் எல்லாம் அப்படியே இருந்தன.

ஆக அந்தச் சின்னக் காகிதத்தில் இருந்த விவரம் 600லேயே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. மெய்யான நீளம் 1960 பிக்சல் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். 18 அங்குலத்துக்கு 109, 12 அங்குலத்துக்கு 163. என் 200ஐ இரண்டும் தொடவில்லை. ஆனால் 163 என்றால் 21 அங்குலம்வரை கிட்டே போகலாம், 109 என்றால் இரண்டரை அடியிலேயே நிற்க வேண்டும்.

ஜூன் 30

வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 8 × 12க்கு 2400 × 3600, 12 × 18க்கு 3600 × 5400 என இரண்டாக வைத்து, ஒவ்வொன்றிலும் முகப் பகுதியை மட்டும் 1200 × 1800க்கு வெட்டி எடுத்தேன். இரண்டும் 4 × 6 பிரிண்டாக கும்பகோணம் லேப்புக்குப் போயின. முழுப் படமும் அச்சானால் முகம் எப்படி இருக்குமோ, அதே அளவில் சில ரூபாய்க்குள் தெரிந்துவிடும். லேப் தானாகப் பெரிதாக்காமல், சரிசெய்யாமல் போடணும் என்று எழுதியும் கொடுத்தேன்.

ஜூலை 2

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் முகத்துக்கு அருகே கொண்டுபோனார். "இது பெரிசா இருக்கு, ஆனா யாரோ மாதிரி இருக்கு. இதுல எங்க தாத்தா."

8 × 12 முடிவானது. சுவரில் சின்னதாகத் தெரியுமே என்ற கவலை பேரனுக்கு. சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளை மவுண்ட் அட்டை வைத்தால் சட்டம் 12 × 16 ஆகிவிடும், கூடத்துக்கு அது நிறைவாகவே இருக்கும். கோப்பின் விகிதம் இரண்டுக்கு மூன்றைவிடத் துளி ஒல்லி, அதனால் தரைப்பக்கம் 24 பிக்சல் வெட்டினேன். பிறகு 2400 × 3600க்குச் சுருக்கி, சைக்கிள் கம்பியில் மட்டும் கொஞ்சம் ஷார்ப்பனிங் கொடுத்து அனுப்பியாயிற்று.

போகும்போது பேரன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டான். 35 × 45 மி.மீ., 300க்கு 413 × 531 பிக்சல். நாடியிலிருந்து உச்சிவரை 32 முதல் 36 மி.மீ. இருக்கணும், அதாவது 378க்கும் 425க்கும் நடுவில். 400க்கு வைத்தேன்.